பூனைக்கு நோன்பில்லை

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பூனை வைத்திருப்பவர்கள், முக்கியமாகக் கொழுத்த பூனை வைத்திருப்பவர்கள், நேரம் எடுத்து வாசியுங்கள். என்ரை பிழையையும் மறைக்காமல் எழுதுகிறேன். அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கதை விளங்காது.

எங்கள் வீட்டுச் சீனியை இந்த ஒழுங்கையில் தெரியாதவர்கள் இல்லை. செம்மஞ்சள் நிறக் கடுவன், வயது ஏழு, நடந்தால் வயிறு நிலத்தில் முட்டும். அவன் உம்மாவின் பூனை. நான் சோறு வைத்தால் ஒரு தரம் முகர்ந்து பார்ப்பான். உம்மா பக்கத்தில் இருந்து மீனில் முள்ளெடுத்துப் பிசைந்து கொடுத்தால்தான் தின்பான்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை உம்மா கண் சத்திரசிகிச்சைக்காக நானாவோடு கொழும்புக்குப் போனா. அன்று இரவு வைத்த சோறு அப்படியே இருந்தது. சனிக்கிழமை காலையில் வைத்ததும் அப்படியே. அவன் அலுமாரிக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டான். அன்றிரவு உம்மா போன் எடுத்து முதல் கேட்ட கேள்வி, "மகள், சீனி திண்டானா?"

"ஓம் உம்மா, திண்டவன்" என்று சொன்னேன்.

மறுநாள் மறுநாள் என்று கண் வெட்டக் காத்திருக்கிற மனிசிக்கு ஏன் கவலை என்று நினைத்தேன். உம்மா போன துக்கத்தில் ஐயா நோன்பு பிடிக்கிறார், பசி வந்தால் தானாகத் தின்பார் என்று எனக்கு நானே ஒரு பகிடியும் விட்டுக்கொண்டேன். பக்கத்து வீட்டு அக்காவும் அதைத்தான் சொன்னா. "பூனைதானே ரீச்சர், ரெண்டு நாள் கிடந்திட்டுத் தானா வரும்." ஞாயிறு காலை அவ நல்ல சாளை மீன் இரண்டு அவித்துக் கொண்டுவந்து தந்தா. சீனி அதை முகர்ந்தான், நாக்கால் உதட்டை நக்கினான், ஒருக்கால் ஓங்காளித்தான், பிறகு தலையைத் திருப்பிக்கொண்டான். "காய்ச்சலாக்கும், அரைப் பனடோல் குடுத்துப் பாப்பமே?" என்று அக்கா கேட்டா. நல்லவேளை, குடுக்கவில்லை. ஏன் நல்லவேளை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஞாயிறு இரவு எனக்குப் பொறுக்கவில்லை. உம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். ஏச்சு விழும் என்று பார்த்தேன். அவ ஏசவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னா:

"மகள், அவன் போன கிழமையிலிருந்தே அரைவாசிதான் திண்டவன். நான் கையிலை வைச்சு ஊட்டினதாலைதான் அதுவும் இறங்கினது. உனக்குச் சொல்ல மறந்திட்டன்."

நான் இரண்டு நாள் என்று எண்ணிக்கொண்டிருந்தது இரண்டு நாள் இல்லை. நான் சனிக்கிழமையே உண்மையைச் சொல்லியிருந்தால் இந்த விசயம் சனிக்கிழமையே எனக்குத் தெரிந்திருக்கும்.

அடுத்து உம்மா சொன்னதுதான் என்னை நித்திரை கொள்ள விடவில்லை. "புத்தளத்திலை மைனாவும் இப்பிடித்தான் தொடங்கினவள்."

மைனாவை எனக்கு நல்ல ஞாபகம். நான் சின்னப்பிள்ளை. நாங்கள் இடம்பெயர்ந்து இருந்த வீட்டில் வளர்ந்த சாம்பல் நிறப் பூனை. அவளும் நல்ல மொத்தம். ஒரு நாள் நாய் துரத்தி, பயந்துபோய், தின்னாமல் விட்டாள். முதலில் நாங்கள் கவனிக்கவில்லை. ஒரு கிழமை போல ஆக, காதின் உட்பக்கமும் கண் வெள்ளையும் மஞ்சளாகிவிட்டது. வாயால் வீணி வடிந்தது. கடைசி இரண்டு நாளும் தலையைத் தூக்க ஏலாமல் நாடி நெஞ்சில் முட்டிக்கொண்டு கிடந்தாள். செங்கமாரி என்று சொல்லி வாப்பா கீழ்க்காய்நெல்லி இடித்துச் சாறு பருக்கினார். செங்கமாரி என்ற பேர் பிழையில்லை. மருந்துதான் பிழை. அவளுக்கு வேண்டியிருந்தது சாறில்லை, சாப்பாடு. அது எங்கள் ஒருவருக்கும் அன்றைக்குத் தெரியாது.

திங்கள் காலை பாடசாலைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு, சீனியை மாம்பழப் பெட்டி ஒன்றில் போட்டு மேலால் துவாயைக் கட்டி, ஓட்டோவில் ரவுணுக்கு மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் அவனை ஜன்னலடி வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்க் காது மடலின் உட்பக்கத்தைப் பார்த்தார். பிறகு உதட்டைத் தூக்கி முரசைப் பார்த்தார். "இஞ்சை பாருங்கோ ரீச்சர்" என்று காட்டினார். மெல்லிய மஞ்சள், பழைய கடதாசி நிறம். வீட்டு மின்குமிழ் வெளிச்சத்தில் அது தெரியவே தெரியாது. நான் மூன்று நாளும் இரவில்தான் அவனைத் தூக்கிப் பார்த்திருந்தேன்.

குருதி எடுத்துச் சோதித்தார். ஈரல் நொதியங்களில் ஒன்றான அல்கலைன் பொஸ்பற்றேஸ் நன்றாக ஏறியிருந்தது, பிலிருபினும் ஏறியிருந்தது. ஸ்கானில் ஈரல் பெருத்து, இருக்க வேண்டியதைவிட வெள்ளையாகத் தெரிந்தது. "ஈரலிலை கொழுப்பு இறங்கத் தொடங்கிட்டுது. நல்லகாலம், தொடக்கம்தான்" என்றார்.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். சமிபாட்டுத் தொகுதி ஒவ்வொரு வருசமும் கரும்பலகையில் கீறுகிறவள். ஆனாலும் இது எனக்கு விளங்கவில்லை. தின்னாமல் கிடந்தால் மெலியத்தானே வேண்டும், ஈரலில் எப்படிக் கொழுப்பு கூடும் என்று கேட்டேன். அவர் சொன்னதையும் பிறகு நான் வாசித்ததையும் சேர்த்து, எங்கள் ஊர்க் கணக்கில் சொல்கிறேன்.

சாப்பாடு நின்றவுடன் உடம்பு தன் கையிருப்புக் கொழுப்பை எடுத்துச் செலவழிக்கப் பார்க்கும். வயிற்றடியிலும் தோலுக்குக் கீழும் இருக்கிற கொழுப்பு குருதியில் கரைந்து ஈரலுக்கு வரும். ஈரலை ஒரு நெல்லுக் கிட்டங்கி என்று வையுங்கள். வருகிற நெல்லில் ஒரு பங்கை அங்கேயே குற்றிச் செலவழிக்கலாம். மிச்சத்தைச் சாக்கில் கட்டி வெளியே அனுப்ப வேண்டும். அந்தச் சாக்கு புரதத்தால் செய்தது. புரதம் சாப்பாட்டிலிருந்து வர வேண்டும். பூனை தின்னவில்லை, ஆகவே சாக்கில்லை. ஆனால் லொறிகள் நெல்லைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருக்கின்றன. இரண்டு மூன்று நாளில் வாசல் அடைபடத் தொடங்கும். கொழுத்த பூனைக்கு ஆபத்து ஏன் அதிகம் என்பது இப்போது விளங்கும். அதற்கு லொறிகள் கூட.

மனிதருக்கும் நாய்க்கும் ஏன் இவ்வளவு கெதியில் இப்படி நடப்பதில்லை? நாங்கள் நோன்பு பிடிக்கிறோம், மஃரிபுக்குத் திறக்கிறோம். அதற்குமேல் பல நாள் சாப்பாடு கிடைக்காவிட்டாலும் எங்கள் உடம்பு புரதத்தை உடைக்கிற வேலையைக் குறைத்துக்கொண்டு சிக்கனமாக இருக்கப் பழகும். பூனையின் ஈரலுக்கு அந்தச் சிக்கனம் தெரியாது. இறைச்சி மட்டும் தின்று வாழப் படைக்கப்பட்ட பிராணி அது. சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் புரதத்தை உடைத்துக்கொண்டே இருக்கும். எவ்வளவு இறுக்கமான உடம்பு அது என்பதற்கு ஒரு உதாரணம். 1978இல் அமெரிக்காவில் கலிபோர்னியா டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். ஆர்ஜினின் என்ற ஒரேயொரு அமினோ அமிலம் மட்டும் இல்லாத சாப்பாட்டைப் பூனைகளுக்கு ஒருவேளை கொடுத்தார்கள். சில மணி நேரத்துக்குள்ளேயே குருதியில் அமோனியா ஏறி அவற்றுக்கு நஞ்சானது. ஒருவேளைச் சாப்பாட்டில் ஒரு பொருள் இல்லாததற்கே அப்படியென்றால், ஒன்றுமே இல்லாமல் கிடப்பதை யோசித்துப் பாருங்கள்.

இதில் இன்னொரு பொறி இருக்கிறது. ஈரல் அடைபட்டவுடன் பூனைக்கு ஓங்காளம் வரும். ஓங்காளம் வந்தால் சாப்பாட்டு மணமே பிடிக்காது. தின்னாததால் ஈரல் கெடுகிறது, ஈரல் கெட்டதால் தின்ன ஏலாமல் போகிறது. "பசிச்சால் தானாத் தின்னும்" என்ற எங்கள் பழைய கதை இந்த இடத்தில்தான் உடைகிறது. அக்காவின் சாளை மீனைக் கண்டு அவன் உதட்டை நக்கினது ஆசையில் இல்லை. அது ஓங்காளம்.

சரியாக இரண்டாம் நாள் எல்லாப் பூனைக்கும் ஈரலில் கொழுப்பு இறங்கிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. சிலதுக்கு ஒரு கிழமை போகும், இன்னும் சிலதுக்கு அதற்கு மேலும் போகும். அதைக் கேட்டேன். டொக்டர் சொன்னார்: "ரெண்டு நாள் எண்டது வருத்தம் வாற நாளில்லை ரீச்சர். நீங்கள் வெளிக்கிட வேண்டிய நாள்." ஒரு நாள் முழுக்க ஒன்றும் தின்னாவிட்டால் போன் எடுத்துக் கேட்க வேண்டும். இரண்டாம் நாள் தூக்கிக்கொண்டு போக வேண்டும். குட்டியென்றால் ஒரு நாளே கூட. கடுவன் தின்னாமல் கிடந்து, சலம் போகக் குந்திக் குந்தி முக்கினால் அது வேறு வருத்தம், சலக்குழாய் அடைப்பு. அதற்கு ஒரு நாளும் பார்க்கக்கூடாது, அந்த மணித்தியாலமே போக வேண்டும்.

அவர் அடுத்துக் கேட்டது, ஏன் தின்னாமல் விட்டான் என்று. அமெரிக்காவில் கோர்னெல் பல்கலைக்கழகத்தார் இந்த வருத்தம் கடுமையாக வந்த 77 பூனைகளின் பதிவேடுகளை ஆராய்ந்து 1993இல் எழுதியிருக்கிறார்கள். இந்த வருத்தம் பெரும்பாலும் தனியாக வருவதில்லை, அதற்குப் பின்னால் சதையி, குடல், பித்தப்பாதை என்று வேறொன்று ஒளிந்திருக்கும் என்பது இன்று மிருக வைத்தியர்கள் எல்லாரும் சொல்வது. அதனால் துக்கம் என்று சொல்லிவிட்டு அவர் நிற்கவில்லை. வாயைத் திறந்து கடைசிப் பற்கள்வரை பார்த்தார். வலப்பக்கக் கடைவாய்ப் பல்லொன்று உடைந்து, சுற்றிவர முரசு சிவந்து வீங்கியிருந்தது. உம்மா முள்ளெடுத்துப் பிசைந்து கொடுத்தபோது அரைவாசியாவது இறங்கினதும், நான் வைத்த சோற்றை அவன் தொடாததும் அதனால்தான். உம்மாவைக் காணாத துக்கம் மேலதிகம்.

நோவுக்கு ஊசி போட்டார். அப்போதுதான் பனடோல் கதையைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. பரசிற்றமோலை உடைத்து வெளியேற்றுகிற வழி பூனையின் ஈரலில் இல்லை என்று சொல்லலாம், அவ்வளவு குறைவு. அரைக் குளிசையே குருதியைக் கெடுத்து, முரசைக் கபில நிறமாக்கி, முகத்தை வீங்கவைத்து ஆளை முடித்துவிடும். அக்காவுக்கு அன்றைக்கே போய்ச் சொன்னேன். பாவம், அவ அழுதே போனா.

மருந்து என்று பார்த்தால், இந்த வருத்தத்துக்கு மருந்து சாப்பாடுதான். அது அவன் விருப்பத்தை எதிர்பாராமல் போக வேண்டும். சிறிஞ்சால் வாய்க்குள் தள்ளலாம்தானே என்று கேட்டேன். வேண்டாம் என்றார். ஓங்காளத்தோடு இருக்கிற பூனைக்கு வாயை இழுத்து ஊற்றினால் சுவாசப்பைக்குள் போகலாம். அது நடக்காவிட்டாலும் அந்தச் சாப்பாட்டை அவன் பிறகு வாழ்நாளில் தொடமாட்டான். மூக்குத் துவாரத்தில் மரப்புத் துளி விட்டு, மெல்லிய குழாயொன்றை மூக்கு வழியாகக் களத்துக்குள் இறக்கி, நெற்றியில் தைத்துவிட்டார். கடுமையாக இருந்தால் மயக்கிக் கழுத்துப் பக்கமாகக் கொஞ்சம் பெரிய குழாய் வைப்பார்களாம், அதை மாதக்கணக்கில் வைத்திருக்கலாம். சீனி தொடக்கத்திலேயே வந்ததால் மூக்குக் குழாய் போதும் என்று பார்த்தார்.

எவ்வளவு கொடுப்பது என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. அன்று சீனியின் நிறை 5.4 கிலோ. நிறையை 30ஆல் பெருக்கி 70ஐக் கூட்டினால் அவன் சும்மா படுத்திருக்கவே ஒரு நாளைக்கு வேண்டிய கலோரி வரும். 232. ஆனால் முதல் நாளே அவ்வளவும் கொடுக்கக்கூடாது. நாள்க்கணக்கில் வெறுமையாய்க் கிடந்த உடம்புக்குள் திடீரென்று சாப்பாடு போனால் குருதியில் உள்ள பொற்றாசியமும் பொசுபரசும் கலங்களுக்குள் ஓடிவிடும். தசை தளரும், இதயம் பிழைக்கும், சிவப்பணு உடையும். முதல் நாள் கால்வாசி, அடுத்த நாள் அரைவாசி, மூன்றாம் நாள் முக்கால், நாலாம் நாள் முழுக்க. அவர் தந்த திரவ உணவில் ஒரு மில்லிலீற்றருக்கு ஒரு கலோரி. ஆக முதல் நாள் 60 மில்லிலீற்றர்தான், ஆறு தரம், ஒவ்வொரு தரமும் பத்து. நாலாம் நாளிலிருந்து ஒவ்வொரு தரமும் கிட்டத்தட்ட 40.

முதல் இரண்டு நாளும் அங்கேயே வைத்திருந்து, சேலைன் ஏற்றி, பொற்றாசியம் பார்த்து, விற்றமின் கே ஊசியும் பி விற்றமின்களும் வாந்தி நிற்க ஊசியும் போட்டார்கள். புதன்கிழமை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கழுத்தில் புனல் மாட்டி, நெற்றியில் குழாய் ஆடிக்கொண்டு, பார்க்கச் சிரிப்பாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

அதன்பிறகு என் வீடு ஒரு வாட்டுதான். காலை ஐந்தரைக்கு ஒன்று. பாடசாலைக்கு வெளிக்கிட முன் ஒன்று. பத்தரைக்கு அக்கா வந்து கொடுப்பா. பனடோல் அக்காதான்! பழக்கிவிட்டேன், என்னைவிடக் கவனமாகச் செய்தா. பின்னேரம் இரண்டு, படுக்க முன் ஒன்று. முதலில் ஐந்து மில்லிலீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்க வேண்டும். இருமினாலோ தும்மினாலோ குழாய் இடம் மாறியிருக்கலாம், நிற்பாட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் சாப்பாட்டை உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்து பத்துப் பதினைந்து நிமிசம் எடுத்து மெதுவாகத் தள்ளி, கடைசியில் திரும்பத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். கழுவாவிட்டால் அந்தக் குழாய் ஒரு மணித்தியாலத்தில் அடைத்துவிடும். வியாழன் இரவு எனக்கு அவசரம், கொஞ்சம் கெதியாகத் தள்ளிவிட்டேன். எல்லாவற்றையும் சத்தி எடுத்தான். பத்து மணிக்கு டொக்டருக்குப் போன் எடுத்து அழுதேன். "அளவைப் பாதியாக்கி, தடவையைக் கூட்டுங்கோ" என்றார். நின்றது.

ஒரு சீஆர் கொப்பியில் நேரம், அளவு, சத்தி, மலசலம், நிறை எல்லாம் எழுதினேன். நிறைக்கு என்னையும் அவனையும் சேர்த்துத் தராசில் ஏற்றி என்னைக் கழிப்பது. ஒவ்வொரு இரவும் உம்மாவுக்கு அந்தப் பக்கத்தை வட்ஸ்அப்பில் அனுப்பினேன். கண் கட்டியிருந்த நாள்களில் நானா வாசித்துக் காட்டினார். இனிப் பொய் சொல்ல இடமில்லை.

ஒன்பதாம் நாள் காலை, அக்கா குசினிக்குள் மீன் கழுவிக்கொண்டிருக்கச் சீனி புனலோடு இடிபட்டு இடிபட்டுப் போய்க் காலடியில் நின்று கத்தினான். அவித்து உதிர்த்த மீன் ஒரு மேசைக்கரண்டியளவு தின்றான். உடனே குழாயைக் கழற்றிவிடலாம் என்று நினைத்தேன். விடமாட்டேன் என்றார் டொக்டர். ஒரு கரண்டி மீன் 232 கலோரி இல்லை. நக்குகிறதையும் கொறிக்கிறதையும் சாப்பாடென்று எண்ணித்தான் சனங்கள் ஏமாறுகிறவை. வாயால் போகிற அளவு கூடக் கூடக் குழாயால் போகிறதைக் குறைத்து, மூன்று நாள் தொடர்ந்து தானாகவே முழு அளவும் தின்ற பிறகுதான், பதின்மூன்றாம் நாள், குழாயை எடுத்தார். காது மஞ்சள் தெளிய மூன்று கிழமை போனது. உடைந்த பல்லை ஈரல் தேறிய பிறகு, நாலாம் கிழமைதான் பிடுங்கினார். கெட்ட ஈரலோடு மயக்க மருந்து கொடுக்க அவர் துணியவில்லை.

எல்லாப் பூனையும் இப்படித் தப்புவதில்லை. குழாயால் ஒழுங்காகச் சாப்பாடு கொடுத்தால் பெரும்பான்மை பிழைக்கும், கொடுக்காவிட்டால் அநேகமாக எல்லாம் சாகும். பின்னால் ஒளிந்திருக்கிற வருத்தம் கடுமையென்றால் குழாயும் காப்பாற்றாது. எங்களுக்கு ஒளிந்திருந்தது ஒரு பல்தான்.

உம்மா போன கிழமை வந்து இறங்கினா. கறுப்புக் கண்ணாடியோடு விறாந்தைக் கதிரையில் இருந்துகொண்டு அவனை மடியில் தூக்கி முதுகெலும்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "பிள்ளை எலும்பாய்ப் போச்சு" என்று என்னைப் பார்த்தா. இப்போது 5 கிலோ. டொக்டர் அவன் நாலரையில் இருந்தால் நல்லது என்கிறார். ஆனால் பட்டினி போட்டு இல்லை, கிழமைக்கு நூற்றில் ஒரு பங்கு, அதாவது 50 கிராமுக்கு மேல் குறையக்கூடாது. கெதியில் மெலியவைக்கப் போனால் அதே லொறிகள் திரும்ப வெளிக்கிடும். அதனால் சோற்றைக் குறைத்து மீனை அப்படியே வைக்கச் சொன்னார். உம்மா மீனைக் கூட்டிச் சோற்றையும் அப்படியே வைக்கிறா. இதுதான் இப்போது எங்கள் வீட்டில் நாளாந்தம் நடக்கிற சண்டை. கொப்பி மட்டும் உம்மாவின் கையில். கண் தெளிந்துவிட்டதாம், இனித் தான்தான் எழுதுவாவாம்.